விளக்கு கடையிலேயே இருக்கிறது, 10,444 ரூபாய் மட்டும் போய்விட்டது

நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளை வெளிநாட்டுத் தமிழர்களுக்கு அனுப்பும் சிறிய கடை எங்களுடையது. பித்தளைக்கும் பட்டறைக் கூலிக்கும் ரூபாயில் கொடுக்கிறோம். விற்பது சிங்கப்பூர் டாலரில், பவுண்டில். நடுவில் கார்டு பணத்தை வாங்கித் தர ஒரு இணையப் பட்டுவாடா நிறுவனத்தை வைத்திருந்தோம். கட்டணம் 4 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அது மட்டும்தான் கட்டணம் என்று நம்பியது என் தவறு.

சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மா கிரகப்பிரவேசத்துக்காக ஒரு ஜோடி விளக்கு கேட்டார். விலை 1,000 சிங்கப்பூர் டாலர். அன்றைய சந்தை விலை டாலருக்கு 64 ரூபாய், ஆக 64,000. கட்டணம் 40 டாலர் போனால் மீதி 960. அதற்கு 61,440 ரூபாய் வரவேண்டும். ஐந்து நாள் கழித்து வங்கியில் விழுந்தது 57,876. கேட்டதற்கு, "பணம் பட்டுவாடா ஆகும் நாளின் விலைதான் பொருந்தும், இடையில் ரேட் இறங்கிவிட்டது" என்றார்கள். ஐந்து நாளில் அவ்வளவு இறங்குமா என்று சரிபார்க்காமல் நானும் விட்டுவிட்டேன். பண்டிகைச் சீசன், தலைக்கு மேல் வேலை.

மூன்று வாரத்தில் அந்த அம்மாவின் வீட்டு வேலை இழுத்துக்கொண்டது. ஆர்டரை ரத்து செய்யச் சொன்னார். விளக்கு இன்னும் பெட்டிக்குள் போகவில்லை, அதனால் முழுப் பணத்தையும் திருப்பித் தரச் சம்மதித்தேன். அடுத்து வந்த வரவுகளிலிருந்து அந்த நிறுவனம் பிடித்துக்கொண்ட தொகை 68,320 ரூபாய். என் கைக்கு வந்ததோ 57,876. ஒன்றும் விற்காமலேயே 10,444 ரூபாய் நஷ்டம்! மறுபடியும் அதே பதில்: ரேட் ஏறிவிட்டதாம். நான் வாங்கும்போது இறங்குகிறது, கொடுக்கும்போது ஏறுகிறது.

குட்டு உடைந்தது ஆடிட்டர் கையில். ஏற்றுமதி பில்லோடு வெளிநாட்டுப் பண வரவுச் சான்றை ஒப்பிட்டவர், "பில்லில் சிங்கப்பூர் டாலர், சான்றில் 690.65 அமெரிக்க டாலர். இது எந்த விற்பனைக்கு வந்த பணம் சார்?" என்று போன் செய்தார். அப்போதுதான் பட்டுவாடா அறிக்கையைத் தரவிறக்கி வரிவரியாகப் பார்த்தேன். எங்கள் கணக்கின் அடிப்படை நாணயம் அமெரிக்க டாலர் என்று பதிவாகியிருந்தது. அதனால் 960 சிங்கப்பூர் டாலரை முதலில் அமெரிக்க டாலராக மாற்றியிருக்கிறார்கள், சந்தையில் 1.35 கொடுத்தால் ஒரு அமெரிக்க டாலர் கிடைக்கும், இவர்கள் 1.39 எடுத்திருந்தார்கள். பிறகு அதை ரூபாயாக்கும்போது 86.40க்குப் பதிலாக 83.80 கொடுத்திருந்தார்கள். இரண்டு மாற்றம், இரண்டு இடத்திலும் ஏறக்குறைய 3 சதவீதம் அவர்கள் பங்கு. பணத்தைத் திருப்பும்போது இதே வித்தை எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. 4 சதவீதக் கட்டணமும் திரும்பவில்லை.

ரேட்டின் மேல் பழி போட்டார்களே, அது எவ்வளவு மாறியது என்றும் பார்த்தேன். ஆர்டர் வந்த நாளிலும் பட்டுவாடா நாளிலும் சிங்கப்பூர் டாலர் அதே 64 ரூபாய்தான். திருப்பிய நாளில் 64 ரூபாய் 44 காசு. ஆயிரம் டாலருக்குக் கணக்கிட்டால் 440 ரூபாய். மீதிப் பத்தாயிரமும் சந்தையில் போனதல்ல, இவர்களிடம் போனது. புகார் கொடுத்தேன், ஒப்பந்தத்தின் நடுவில் 'மாற்று விலையில் எங்கள் பங்கு அடங்கும்' என்ற ஒரு வரியைக் காட்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

உங்கள் கணக்கிலும் இது நடக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். வங்கியில் விழுந்த ரூபாயை, கட்டணம் போக மிஞ்சிய வெளிநாட்டுத் தொகையால் வகுங்கள். எனக்கு 60.29 வந்தது. அதைப் பட்டுவாடா நாளின் சந்தை விலையோடு ஒப்பிடுங்கள். அமெரிக்க டாலர், பவுண்டு, யூரோவுக்கு FBIL என்ற இந்திய நிதி அளவுகோல் நிறுவனம் ஒவ்வொரு வேலைநாளும் பிற்பகலில் குறிப்பு விலை வெளியிடுகிறது. அந்த எண்ணை யாரும் மறுத்துப் பேச முடியாது. ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஐந்தாறு என்றால், நடுவில் இன்னொரு நாணயம் நுழைந்திருக்கிறதா என்று வரவுச் சான்றில் தேடுங்கள்.

நாங்கள் இப்போது சிங்கப்பூர் டாலரிலேயே உள்ளூர்ப் பரிமாற்றமாக வாங்கி, ஒரே முறை ரூபாயாக்கும் சேவைக்கு மாறியிருக்கிறோம். சொல்லும் விலை ஏழு நாளுக்குத்தான் செல்லும் என்று பில்லில் அச்சிட்டிருக்கிறோம். ரத்து செய்தால் நாணய மாற்றச் செலவு போக மீதிதான் திரும்பும் என்றும் சேர்த்திருக்கிறோம். அந்த அம்மாவே தை மாதம் அதே ஜோடியைத் திரும்பக் கேட்டார். அன்றும் விலை 64 ரூபாய்தான். அவர் போட்ட ஆயிரம் டாலருக்கு இந்த முறை கணக்கில் விழுந்தது 63,360.