தீபாவளி விலைக்கழிவு அறிவிப்பும் இமோஜிகளும்: மூன்று வடிவங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள ஒரு சேலைக்கடை தன் தீபாவளி விலைக்கழிவை முகநூலில் அறிவிப்பதாக வைத்துக்கொள்வோம். அதை மூன்று விதமாக எழுதலாம்.

முதல் வடிவம்: 🎉🪔🔥 தீபாவளி வந்தாச்சு! 🔥🪔🎉 பட்டுச் சேலைக்கு 30% கழிவு 😍😍😍 ஓடி வாங்க 🏃‍♀️💨✨

இரண்டாவது: தீபாவளி வரை பட்டுச் சேலைகளுக்கு 30% கழிவு. பிரிக்ஃபீல்ட்ஸ் கடை, காலை 10 முதல் இரவு 9 வரை.

மூன்றாவது: தீபாவளி வரை பட்டுச் சேலைகளுக்கு 30% கழிவு 🪔
📍 பிரிக்ஃபீல்ட்ஸ்
🕙 காலை 10 – இரவு 9

முதல் வடிவத்தில் பன்னிரண்டு இமோஜிகள் இருந்தும், கடை எங்கே இருக்கிறது, எந்நேரம் வரை திறந்திருக்கும் என்பது இல்லை. தோழி புலனத்தில் 😍 அனுப்பினால், அவளை அறிந்திருப்பதால் அந்த மகிழ்ச்சியை நம்புகிறோம். முன்பின் அறியாத கடையோ, 30 விழுக்காட்டுக் கழிவுக்கு நாம் எவ்வளவு பரவசப்பட வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து நம்மிடம் கேட்கிறது. செய்தியின் அளவுக்கும் உணர்ச்சியின் அளவுக்கும் இடையே விழும் அந்த இடைவெளியைத்தான் வாசகர்கள் ‘ரொம்ப முயற்சி செய்கிறார்கள்’ என்று உணர்கிறார்கள். பண்டிகைக் காலத்தில் பக்கத்துக் கடையும் இதே 🔥 குறியைத்தான் போடுகிறது என்பதால் தனித்துத் தெரியும் பயனும் இல்லை. பார்வையற்ற வாடிக்கையாளரின் நிலை இன்னும் கடினம்: திரைவாசிப்பான் ஒவ்வோர் இமோஜியின் பெயரையும் உரக்கப் படிப்பதால், ‘தீபாவளி’ என்ற சொல்லை எட்டுமுன்பே அவர் மூன்று பெயர்களைக் கேட்டு முடிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வடிவத்தில் குறையில்லை. கைப்பேசியில் வேகமாக உருட்டும்போது இடமும் நேரமும் வரிக்குள் மறைந்துவிடும், அவ்வளவே. மூன்றாவதே எனக்கு உகந்தது. ஒரே பதிவை மலாய், ஆங்கிலம், தமிழ் என மூன்று மொழிகளில் அடுக்கும் நம் கோலாலம்பூர் வழக்கத்தில், 📍 மற்றும் 🕙 ஒவ்வொரு மொழிப் பகுதியிலும் ‘இடம்’, ‘நேரம்’ என்ற தலைப்புகளின் வேலையைச் செய்கின்றன. 🪔 பண்டிகையைக் காட்டுகிறது. அவை வரியின் தொடக்கத்திலோ இறுதியிலோ நிற்பதால் வாக்கியமும் இடையில் உடைவதில்லை.

எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. ஒவ்வோர் இமோஜியையும் தனித்தனியே அழித்துப் பாருங்கள். அழித்த பின் தேடும் செய்தி கண்ணில் படத் தாமதமானால் அதைத் திரும்ப வையுங்கள். உற்சாகம் மட்டும் குறைந்தால் விட்டுவிடுங்கள். முதல் வடிவத்தில் இப்படித் தேறுவது ஒரு 🪔 மட்டுமே. பிறகு பதிவைத் திரைவாசிப்பானில் ஒருமுறை கேளுங்கள், ஏனெனில் கண்ணுக்கு உறுத்தாத அடுக்கல் காதுக்கு உடனே உறுத்தும்.

விலை உயர்வு, தாமதமான அனுப்புகை, மன்னிப்பு ஆகியவற்றைச் சொல்லும் பதிவுகளுக்கு இந்தச் சோதனையும் தேவையில்லை. சேலை வந்து சேராமல் காத்திருப்பவருக்கு 🙏 கூட விளையாட்டாகத் தோன்றலாம். அங்கே இரண்டாவது வடிவமே பொருந்தும்.