9 லட்சமா, 8.10 லட்சமா: இரண்டு ஆஃபர் லெட்டர்களைப் பிரித்துப் பார்த்தால்

சென்னையில் மூன்று வருட அனுபவமுள்ள ஒரு சாஃப்ட்வேர் பொறியாளர் கையில் இரண்டு ஆஃபர் லெட்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கடிதத்தில் சிடிசி, அதாவது நிறுவனம் நமக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 9,00,000 ரூபாய். இரண்டாவதில் 8,10,000. பதவிப் பெயர் முதல் கடிதத்தில்தான் கொஞ்சம் கெத்தாக இருக்கிறது, 'சீனியர்' ஒட்டியிருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாம். பக்கத்தில் போட்டிருக்கும் கிரேடு என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்த சம்பள உயர்வும் பதவி உயர்வும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும்.

பார்க்க வேண்டியது சம்பள இணைப்புப் பக்கம். இரண்டிலுமே பேசிக் மாதம் 30,000. முதல் கடிதத்தின் 9 லட்சத்துக்குள் வேலைத்திறனைப் பொறுத்துக் கூடிக் குறையும் வேரியபிள் 1,20,000, ஜாய்னிங் போனஸ் 50,000, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 12,000, நிறுவனத்தின் பிஎஃப் பங்கு 43,200, கிராஜுவிட்டி 17,316 எல்லாம் அடக்கம். இவற்றைக் கழித்தால் மாதத்துக்கு 54,790 வரும். அதிலும் நம் பங்கு பிஎஃப் 3,600 போய், கைக்கு வருவது சுமார் 51,190.

இரண்டாம் கடிதத்தில் வேரியபிளும் இல்லை, போனஸும் இல்லை. காப்பீட்டை சிடிசிக்கு வெளியே தருகிறார்கள். பிஎஃப் முழு பேசிக்குக்கு அல்ல, சட்ட வரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும் 12%, அதாவது மாதம் 1,800. அதே கிராஜுவிட்டியையும் கழித்தால் கைக்கு வருவது சுமார் 62,460. 2025-26 முதல் புதிய வரி முறையில் இந்த அளவு சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. தொழில் வரி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, சிடிசியில் 90,000 குறைவான கடிதம் மாதாமாதம் 11,270 ரூபாய் கூடுதலாகத் தருகிறது.

ஆனால் பிஎஃப் நம் பணம்தானே? ஆமாம். முதல் கடிதத்தில் மாதம் 3,600 கூடுதலாகச் சேர்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டாம் கடிதம் வருடத்துக்குச் சுமார் 92,000 முந்துகிறது. முதல் வருடம் வேரியபிளும் போனஸும் முழுதாக வந்தால் முதல் கடிதம் ஜெயிக்கும். இரண்டாம் வருடம் போனஸ் கிடையாது. அப்போது 1,20,000 வேரியபிளில் 92,000க்குக் குறைவாகக் கிடைத்தால் நஷ்டம்தான். 'நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது' என்று ஒரு வரி இருந்தால் அந்த 92,000க்கும் உத்தரவாதம் இல்லை. கிராஜுவிட்டி பொதுவாக ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் புரொபேஷன். முதல் கடிதத்தில் ஆறு மாதம், தேவைப்பட்டால் நீட்டிப்பார்கள், எழுத்தில் கன்ஃபர்மேஷன் வரும்வரை புரொபேஷனிலேயே இருப்பதாகக் கொள்ளப்படும். இந்தக் கடைசி வரிதான் வம்பு. ஆறு மாதம் முடிந்ததும் தானாக நிரந்தரமாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், ஆனால் கடிதம் வராதவரை நிறுவனம் புரொபேஷன் காலத்து நோட்டீஸிலேயே அனுப்பிவிட முடியும். அந்த நோட்டீஸ் இரு தரப்புக்கும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். நாம் 90 நாள் கொடுக்க வேண்டும், அவர்கள் 15 நாளில் அனுப்பலாம் என்று சில கடிதங்களில் இருக்கும். இரண்டாம் கடிதத்தில் மூன்று மாதப் புரொபேஷன், இரு பக்கமும் 15 நாள், பிறகு 60 நாள்.

வேரியபிளும் நோட்டீஸும் இங்கேதான் கைகோக்கின்றன. 'பணம் வழங்கும் நாளில் நோட்டீஸில் இருப்பவருக்கு வேரியபிள் இல்லை' என்ற நிபந்தனையும் 90 நாள் நோட்டீஸும் சேர்ந்தால், வருடத்தின் கால்வாசி நாட்களில் ராஜினாமா செய்வது காசை விட்டுப்போவதற்குச் சமம். ஜாய்னிங் போனஸுக்கும் ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தரும் நிபந்தனை இருக்கிறது.

சேரும் தேதியில் முதல் கடிதம் கறார்: ஜூன் 15, தவறினால் ஆஃபர் ரத்து. இப்போதைய வேலையில் 60 நாள் நோட்டீஸ் இருப்பவர் ஏப்ரல் 16க்குள் ராஜினாமா கொடுத்தாக வேண்டும். ஏற்பு நிபந்தனையோ, பின்னணிச் சரிபார்ப்பு திருப்தியாக முடிந்தால்தான் ஆஃபர் செல்லும் என்கிறது. அந்தச் சரிபார்ப்பு சேர்ந்த பிறகுதான் முடியும் என்றால், பழைய வேலையை விட்டபின் புதியதும் உறுதியில்லை. இரண்டாம் கடிதம் 'ரிலீவ் ஆன ஏழு நாளுக்குள்' என்கிறது. சரிபார்ப்பையும் ராஜினாமாவுக்கு முன்பே முடித்துத் தருகிறது.

என் ஓட்டு இரண்டாவதற்கு. முதலாவதைத்தான் எடுக்க வேண்டுமென்றால், கையெழுத்துக்கு முன் எச்ஆருக்கு மெயிலில் மூன்று கேளுங்கள்: கடந்த இரண்டு வருடம் இந்த கிரேடுக்கு வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், பின்னணிச் சரிபார்ப்பு எப்போது முடியும், இப்போதைய நிறுவனம் ரிலீவ் செய்யத் தாமதித்தால் சேரும் தேதி தள்ளுமா. போனில் 'பார்த்துக்கலாம்' என்று சொன்னால், அதையே மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.