உருகி மறுபடி உறைந்த பரோட்டா: யாழ்ப்பாணத்தில் வாங்குபவர்கள் கவனத்துக்கு

யாழ் நகரை அண்டிய ஒரு பெரிய பலசரக்குக் கடையில் உறைந்த பரோட்டா, கோழி ரோல்ஸ், பச்சைப் பட்டாணி ஆகியவற்றை வாங்கி ஏமாற்றப்பட்டிருக்கிறேன். மூன்றும் வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்புகள். மூன்றும் காலாவதித் திகதிக்கு மாதக்கணக்கில் முந்தியவை. ஆனாலும் மூன்றும் ஒரே விதமாகக் கெட்டிருந்தன. கெடுத்தது கடையின் பிரீசர். முறைப்பாடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இப்படிப்பட்ட பைக்கற்றைக் காசு கொடுப்பதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்காகவே இந்தப் பதிவு.

பெரியம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக முதல் நாள் மாலை வாங்கி, கொண்டுவந்த கையோடு வீட்டுப் பிரீசரில் வைத்திருந்தோம். மறுநாள் பரோட்டாப் பைக்கற்றை வெட்டியதுமே ஏதோ பிழை என்று தெரிந்துவிட்டது. சுடாத பரோட்டாக்களுக்கு இடையில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைத்திருப்பார்கள். நல்ல பைக்கற்றில் ஒரு தட்டுத் தட்டினால் வட்டங்கள் தனித்தனியே கழன்று வரும். இதில் தாள் மாவுக்குள் புதைந்து கிழிந்தது. வட்டங்கள் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வளைந்திருந்தன. தோசைக்கல்லில் போட்டபோது ஒரு மடிப்புக்கூட விரியவில்லை; தோல் போன்ற தட்டையான ரொட்டிதான் வந்தது. லேசான புளிப்பு வாசமும் இருந்தது. பட்டாணிப் பை செங்கல்லைப் போல ஒரே கட்டியாக இருந்தது. ரோல்ஸ் பைக்கற்றின் அடி மூலையில் மஞ்சள் நிறமாக ஒரு பனிக்கட்டி உறைந்திருந்தது. அதை யாருக்கும் பொரித்துக் கொடுக்க விடவில்லை.

கடைக்கு எடுத்துச் சென்றபோது முதலாளி சொன்ன பதில்: "அக்கா, இது உங்கள் வீட்டில்தான் உருகியிருக்கும். எங்களிடம் வருவதெல்லாம் கம்பனிச் சரக்கு."

எங்கள் வீட்டில் உருகவில்லை என்பதற்கு என்னிடம் சான்று இருந்தது. மின்வெட்டு வந்துபோகும் ஊர் என்பதால், ஒரு கோப்பையில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து, எப்போதும் பிரீசருக்குள் விட்டிருப்போம். உள்ளே பனி உருகினால் நாணயம் கீழே இறங்கிவிடும். மறுபடி உறைந்தாலும் கோப்பையின் அடியிலேயே கிடக்கும். எங்கள் நாணயம் மேலேயே இருந்தது. அதன் படத்தைக் காட்டினேன். முதலாளி படத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டார்.

பிறகுதான் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தம்பி, அந்தக் கடையில் முன்பு வேலை செய்தவர், விடயத்தைச் சொன்னார். இரவு கடை பூட்டும்போது பிரீசர்களின் ஆளியையும் அணைத்துவிட்டுப் போவார்களாம். 2022இல் மின்கட்டணம் ஏறிய பிறகு தொடங்கிய வழக்கமாம். காலையில் வந்து போட்டால் மத்தியானத்துக்குள் எல்லாம் மறுபடி கல்லாகிவிடும். வாங்குபவருக்கு என்ன தெரியப்போகிறது என்பதுதான் கணக்கு. மின்கட்டணத்தின் சுமை எனக்கும் தெரியும். அதற்காகப் பிள்ளைகள் தின்னும் கோழி ரோல்ஸை இரவிரவாக உருகவிடுவதை என்னால் மன்னிக்க முடியாது.

உறைந்த உணவை மறை 18 பாகை செல்சியஸிலோ அதற்குக் கீழோ வைத்திருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட அளவு. கடையின் காட்சிப் பெட்டியில் அது கொஞ்சம் ஏறலாம். ஆனால் மறை 12ஐத் தாண்டக் கூடாது. தொழிற்சாலையில் மிக வேகமாகக் குளிரூட்டுவதால் உணவுக்குள் இருக்கும் நீர் சின்னஞ்சிறு பளிங்குகளாக உறைகிறது. கடையின் பெட்டியோ மெதுவாகத்தான் குளிரும். அதில் மறுபடி உறையும் நீர் பெரிய பளிங்குகளாக வளர்ந்து, மாவின் பசையையும் மரக்கறியின் கலங்களையும் கிழித்துவிடும்.

பரோட்டாவுக்கு இன்னொரு கேடும் உண்டு. மடிப்பு மடிப்பாக விரிவதற்குக் காரணம் மாத்தாள்களுக்கு இடையில் பூசியிருக்கும் கொழுப்பு. பெரும்பாலும் அது பாம் எண்ணெயோ மார்ஜரினோதான். பாம் எண்ணெய் சுமார் 35 பாகையில் முழுவதும் உருகும். அதற்கு வெகு முன்பே இளகிவிடும். பூட்டிய கடைக்குள், நம் ஊர்ச் சூட்டில், அணைத்த பெட்டியில் இருந்தால் அந்தக் கொழுப்பு இளகி மாவுக்குள் ஊறிவிடுகிறது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பிறகு எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் மடிப்பு வராது. ஆகவே பரோட்டா விரியாமல் போனால் கல்லின் சூட்டையோ உங்கள் கைப்பக்குவத்தையோ குறை சொல்ல வேண்டாம்.

கடையில் நின்றபடியே இதைக் கண்டுபிடிக்கலாம். பட்டாணிப் பையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். நல்ல பட்டாணியை உதிரி உதிரியாகத்தான் உறையவைக்கிறார்கள். குலுக்கினால் கலகலவென்று ஓடும். ஓரிரு சிறு கட்டிகள் இருந்து, விரலால் அழுத்த உடைந்தால் பரவாயில்லை. முழுப்பையும் ஒரே கட்டியென்றால் அது ஒரு தடவையாவது தண்ணீர் விட்டு மறுபடி உறைந்திருக்கிறது. பரோட்டாப் பைக்கற்றைப் பக்கவாட்டில் பாருங்கள். அடுக்கு நேராக, வட்டங்கள் ஒரே தடிப்பில் இருக்க வேண்டும். பெட்டியின் மூலைக்கு ஏற்ப வளைந்திருந்தால் மாவு ஒரு நேரம் இளகிச் சரிந்திருக்கிறது என்று பொருள். பிறகு பனியைப் பாருங்கள். பைக்கற்றுக்குள் மெல்லிய தூள்பனி இருந்தால் வெப்பநிலை ஏறி இறங்கியிருக்கிறது. சுவை குறையும், அவ்வளவுதான். ஆனால் ஒரு மூலையில் கண்ணாடிபோல் கட்டிப்பனி இருந்தால் உருகிய நீர் வடிந்து அங்கே தேங்கி உறைந்திருக்கிறது. அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

உருகியதெல்லாம் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. நடுவில் இன்னும் பனி இருக்கும்போதே, அல்லது 4 பாகையைத் தாண்டாமல் இருந்தபோதே மறுபடி உறைந்த உணவு பெரும்பாலும் ஆபத்தில்லாதது, சுவைதான் போகும். பயப்பட வேண்டியது இறைச்சி, மீன், முட்டை சேர்ந்த ரோல்ஸ், கட்லட், சொசேஜ் போன்றவற்றுக்கு. அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அவற்றில் கிருமி பெருகும். உறைதல் கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு கொதிக்கும் எண்ணெயில் பொரித்தாலும் அழியாது. "பொரித்தால் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

மரக்கறியிலும் ஒரு கவனம் வேண்டும். ஐரோப்பாவில் 2015 முதல் 2018 வரை உறைந்த சோளத்தால் லிஸ்டீரியா என்ற கிருமி பரவி 47 பேர் நோயுற்றார்கள், 9 பேர் இறந்தார்கள். பட்டாணியையோ சோளத்தையோ பச்சையாக உருகவைத்து சலாட்டில் கொட்டாமல், நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். என்னைக் கேட்டால், கரட்டும் போஞ்சியும் கலந்த பைகளை வாங்கவே தேவையில்லை. திருநெல்வேலிச் சந்தையில் அவை புதிதாகக் கிடைக்கின்றன. இங்கே விளையாத பட்டாணிக்குத்தான் பிரீசர் பக்கம் போக வேண்டியிருக்கிறது. அந்தப் பையின் உள்ளடக்கத்தில் மரக்கறியின் பெயர் மட்டுமே இருக்க வேண்டும்.

பரோட்டா லேபலில் இருக்கும் உள்ளடக்கமும் குளிரைப் பற்றிச் சொல்லும். பிறகு இரண்டு நிறுவனங்களின் பைக்கற்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒன்றில் கோதுமை மா, நீர், தாவர எண்ணெய், மார்ஜரின், சீனி, உப்பு மட்டும். மற்றதில் இவற்றோடு 282, 202 என்ற இலக்கங்கள். 282 கல்சியம் புரொப்பியனேற், 202 பொட்டாசியம் சோர்பேற். இரண்டும் பூஞ்சணத்தைத் தடுப்பவை. மறை 18இல் பூஞ்சணம் வளரவே முடியாது. உறைந்தே இருக்கப்போகும் பரோட்டாவுக்கு இவற்றால் வேலை இல்லை. மார்ஜரினோடு வந்துசேர்ந்த கொஞ்சம் 202 இருக்கலாம், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஆனால் 282ஐயும் வேண்டுமென்றே சேர்த்திருந்தால், தயாரிப்பாளரே இது வழியில் எங்கோ குளிர் குறைந்து கிடக்கும் என்று எதிர்பார்க்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அவை அனுமதிக்கப்பட்ட பொருட்கள்தான். ஆனால் உருகிக் கிடந்த பைக்கற்றில் பூஞ்சணம் தெரியாமல் தடுத்துவிடுவதால், நமக்கு எச்சரிக்கை தரும் ஓர் அடையாளம் இல்லாமல் போகிறது. ஆகவே நான் சிறிய பட்டியல் உள்ளதையே எடுப்பேன். அது உருகி நாட்கணக்கில் கிடந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விரதச் சமையலுக்கு வாங்குபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். சில பரோட்டாக்களில் முட்டையோ பால்மாவோ இருக்கும். 471 என்ற குழம்பாக்கி தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். தாவர மூலம் என்று எழுதியிருந்தால் மட்டும் எடுங்கள்.

எங்கள் முறைப்பாட்டுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பைக்கற்றுகளுக்கு நடுவே வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது மறை 4 காட்டியது. பெட்டியின் வெளியே இருந்த சிவப்பு இலக்கமோ மறை 18 என்று மின்னிக்கொண்டிருந்தது. அந்த இலக்கம் பெட்டியின் உணரி இருக்கும் இடத்துக் குளிரைத்தான் சொல்லும்; மேலே குவித்த பைக்கற்றின் நிலையைச் சொல்லாது. பெட்டியின் உட்சுவரில் ஒரு கோடு இருக்கும். அதற்கு மேல் அடுக்கிய எதையும் எடுக்காதீர்கள். அந்தக் கடைப் பெட்டியில் இருந்த இறைச்சிப் பொருட்களைப் பரிசோதகர் விற்பனையிலிருந்து அகற்றச் சொன்னார். எங்கள் காசு இன்னும் திரும்பவில்லை.

இதேபோல் உங்களுக்கு நடந்தால் பைக்கற்றை எறியாமல், பற்றுச்சீட்டோடு உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கொண்டுபோங்கள். திகதியை மறைத்து ஒட்டியிருந்தாலோ விலையில் பிழை இருந்தாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். கடைகள் தரும் சூட்டு அச்சுத் தாள் சில மாதங்களில் வெளிறிவிடும்.