பைப்லைனில் 2 கோடி இருக்கிறது, அடுத்த மாதம் எவ்வளவு வரும்? மூன்று கணக்குகள், மூன்று பதில்கள்

கோயம்புத்தூரில் ஏர் கம்பிரசர் விற்கும் டீலர் ஒருவரிடம் விற்பனைக் கணக்கு பார்க்கிறேன். மே 31 மாலை எக்செலில் 40 என்கொயரிகள் திறந்த நிலையில் இருந்தன. இவைதான் எங்கள் பைப்லைன், மொத்த மதிப்பு 200 லட்சம். அதில் முதல் விசாரணையோடு நிற்பவை 90 லட்சம், ஆலைக்கு நேரில் போய்ப் பார்த்தவை 50, கொட்டேஷன் கொடுத்தவை 40, விலை பேசிக்கொண்டிருப்பவை 20. ஜூனில் எவ்வளவு வரும் என்று முதலாளி கேட்டார்.

நான் அப்போது செய்தது எல்லோரும் செய்வதுதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் பழைய வெற்றி விகிதம் கையில் இருந்தது: விசாரணைக்கு 10%, நேரில் பார்த்ததற்கு 25%, கொட்டேஷனுக்கு 40%, விலை பேசுவதற்கு 70%. பெருக்கிக் கூட்டினால் 9, 12.5, 16, 14, ஆக 51.5 லட்சம். அதையே சொன்னேன். ஜூனில் வந்தது 22 லட்சம்.

"ஏம்ப்பா, அம்பத்தொண்ணுன்னு சொன்ன. மீதி எங்க?"

மீதி எங்கும் போகவில்லை, ஜூலையிலும் ஆகஸ்டிலும் இருந்தது. 70% என்றால் விலை பேசும் பத்து ஆர்டரில் ஏழு என்றாவது ஒரு நாள் கிடைக்கும் என்று பொருள். எப்போது என்பதை அந்த விகிதம் சொல்வதே இல்லை. எங்களுக்கு ஒரு ஆர்டர் விசாரணையிலிருந்து பர்ச்சேஸ் ஆர்டர் வரை வர சராசரியாக 75 நாள், அதாவது இரண்டரை மாதம். 51.5-ஐ இரண்டரையால் வகுத்துப் பாருங்கள், 20.6 வரும். உங்கள் கணிப்பும் ஏறக்குறைய இதே விகிதத்தில் மாதாமாதம் மிகையாக வந்தால், வெற்றி விகிதத்தைக் குறை சொல்லாதீர்கள். காலத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். 'எதிர்பார்க்கும் தேதி' என்று ஒரு பத்தி வைத்து வடிகட்டலாமே என்பார்கள். எங்கள் ஷீட்டில் அந்தப் பத்தியைத் திறந்தால் பாதிக்கு மேல் 30, 31 தேதிகள்தான். மாதம் முடிந்ததும் அவையே அடுத்த மாதக் கடைசிக்கு நகர்ந்து உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது கணக்கு வேகத்தை வைத்துப் போடுவது. ஒரே வரிதான்:

```
எண்ணிக்கை × வெற்றி விகிதம் × சராசரி மதிப்பு ÷ சுழற்சி நாள் × 30
=40*0.25*5/75*30   → 20 லட்சம்
```

40 என்கொயரி, நாலில் ஒன்று கிடைக்கும், ஒன்று சராசரி 5 லட்சம், 75 நாள். விடை 20. வந்தது 22. இதுவே சரி என்று ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

ஜூனில் கொடிசியா வளாகத்தில் நடந்த ஒரு கண்காட்சியில் ஸ்டால் போட்டிருந்தோம். 25 புது என்கொயரி வந்தது. ஜூனில் முடிந்தவற்றையும் கைவிட்டவற்றையும் கழித்தால் ஜூலை தொடக்கத்தில் 58. சூத்திரத்தில் போட்டால் 29 லட்சம். ஜூலையில் வந்தது 12.

இங்கே இரண்டு தவறுகள் கலந்திருந்தன. ஒன்று கண்ணுக்குத் தெரிவது: நேற்று விசிட்டிங் கார்டு கொடுத்தவரையும், விலையில் கடைசி ஐயாயிரத்துக்கு இழுத்துக்கொண்டிருப்பவரையும் இந்தச் சூத்திரம் ஒன்றாகவே எண்ணுகிறது. பைப்லைனின் கலவை மாதாமாதம் ஒரே மாதிரி இருக்கும் வரை பரவாயில்லை. கண்காட்சி, நிதியாண்டுக் கடைசி போன்றவை வந்தால் கலவை மாறிவிடும்.

இன்னொன்று அந்த 75-இல் ஒளிந்திருந்தது, அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நாளானது. 75 என்பது கிடைத்த ஆர்டர்களின் சராசரி. ஆனால் வகுக்கப்படும் 40-இல் கிடைக்கப்போவதும் இருக்கிறது, கைநழுவப்போவதும் இருக்கிறது. எங்கள் ஷீட்டில் கைநழுவியவை மூடப்படும் வரை சராசரி 140 நாள் கிடந்திருந்தன. வாங்குகிறவர் சீக்கிரம் வாங்கிவிடுகிறார், வாங்காதவர் இல்லையென்று சொல்லாமல் இழுக்கிறார், சேல்ஸ் பையனுக்கும் அதை மூட மனசு வருவதில்லை. நாலில் ஒன்றுக்கு 75, மூன்றுக்கு 140 என்று சேர்த்துப் பார்த்தால் ஒரு என்கொயரி ஷீட்டில் இருப்பது சராசரி 124 நாள். அதைப் போட்டால் ஜூனுக்கு 12, ஜூலைக்கு 17.5. ஜூனில் 20 சரியாக வந்தது தற்செயல்தான்: அந்த மாதம் விலை பேசும் கட்டத்தில் வழக்கத்தைவிட அதிகம் இருந்தது. கைநழுவியவை கிடைத்தவற்றைவிட அதிக நாள் கிடக்கும் ஷீட்டில், கிடைத்தவற்றின் நாளை மட்டும் போட்டு வகுத்தால் யாருடைய கணிப்பிலும் இந்த வீக்கம் இருக்கும். ஷீட்டைச் சுத்தம் செய்யாத ஊரில் இன்னும் கூடுதலாக.

மூன்றாவது வழி சூத்திரமே இல்லை, பழைய ஷீட்டிடம் நேராகக் கேட்பது. 'இந்தக் கட்டத்தில், இத்தனை நாள் வயதில் இருந்தவற்றில், அடுத்த 30 நாளில் மட்டும் எத்தனை ஆர்டர் ஆயின?' என்கொயரிகளை எண்ணி விகிதம் எடுப்பதுதான் வேலை. உதாரணத்துக்குக் கொட்டேஷன் கட்டம்: 90 நாளுக்குள் இருந்தவை 60, அடுத்த 30 நாளில் கிடைத்தவை 12, ஆக 20%. 90 நாள் தாண்டியவை 40, கிடைத்தவை 2, ஆக 5%. ஒரே கட்டம், ஒரே '40%' என்று நான் பெருக்கிக்கொண்டிருந்தது இதைத்தான். வயசான கொட்டேஷன் பெரும்பாலும் செத்த கொட்டேஷன்.

விலை பேசுவதற்கு 45%, நேரில் பார்த்ததற்கு 6%, விசாரணைக்கு 2% வந்தது. ஜூனுக்குத் திரும்பப் போட்டேன்: 20 லட்சத்தில் 9, புதுக் கொட்டேஷன் 24-இல் 4.8, பழையது 16-இல் 0.8, பிறகு 3, 1.8. மாதத்துக்குள்ளேயே வந்து முடியும் சின்ன மெஷின்களுக்கு வழக்கமாக 2. மொத்தம் 21.4. ஜூலைக்கு இதே அட்டவணை 15.6 சொன்னது. கண்காட்சியால் விசாரணைக் கட்டம் 180 லட்சமாக வீங்கியிருந்தும் அதற்கு 3.6-க்கு மேல் கொடுக்கவில்லை. வந்தது 12 என்பதால் இதுவும் மிகைதான், ஆனால் வேகக் கணக்கு சொன்ன 29-ஓடு ஒப்பிட்டால் எவ்வளவோ பக்கம்.

இதிலும் சிக்கல் உண்டு. ஜூனில் விலை பேசும் கட்டத்துக்குப் போட்ட 9 லட்சத்தில், ஒரே ஸ்பின்னிங் மில்லின் 9 லட்ச மெஷினுக்கு 4.05 கணக்கு வைத்திருந்தேன். நிஜத்தில் அது 9 அல்லது பூஜ்யம், நாலு என்று ஒன்று கிடையாது. பத்து இருபது சின்ன ஆர்டர்களில் மேலும் கீழும் சமன் ஆகிவிடும், ஒரு பெரியதில் ஆகாது. இப்போது 8 லட்சத்துக்கு மேல் உள்ளதை அட்டவணையில் சேர்க்காமல் தனி வரியாக முதலாளியிடம் சொல்கிறேன்: "மத்ததெல்லாம் சேர்த்து 17, மில்லு வந்தா 26."

பழைய நிலவரம் இல்லாமல் இந்தக் கணக்கு நடக்காது என்பது இன்னொரு தடை. எக்செலில் கட்டத்தை மாற்றும்போது பழையது அழிந்துவிடும், மே மாதம் அது எங்கே இருந்தது என்று ஆகஸ்டில் தெரியாது. நாங்கள் தப்பித்தது, எங்கள் அக்கவுண்டன்ட் அம்மா வேறு எதற்கோ ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி ஷீட்டை நகலெடுத்துத் தேதி போட்டு வைத்திருந்ததால். இரண்டு வருட நகல் இருந்தது.

நகல் இல்லாதவர்கள் வேகக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம், கைநழுவியவற்றின் நாளையும் சேர்த்த சராசரியோடு, 150 நாள் தாண்டியதையெல்லாம் மூடிவிட்டு. கூடவே இந்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்தே ஷீட்டை நகலெடுக்க ஆரம்பிக்க வேண்டும். கட்ட விகிதக் கணக்கை நான் தூக்கிப் போடவில்லை. மூன்று மாதத்துக்கு மொத்தமாக எவ்வளவு தேறும் என்று முதலாளி கேட்டால் அந்த 51.5 அப்போது பயன்படுகிறது.