பின்னணி இல்லாத படம்: PNG-யா, JPEG-ஆ, SVG-யா?

லோகோ வரைந்து, பின்னணியை நீக்கிவிட்டு JPEG-ஆகச் சேமித்தால், திறக்கும்போது வெள்ளைக் கட்டம் வந்து நிற்கும். JPEG-இல் ஒளிபுகும் தன்மையைப் பதிய இடமே கிடையாது, நிறம் மட்டும்தான். காலியான இடத்தை மென்பொருள் பெரும்பாலும் வெள்ளையால் நிரப்பிவிடும்.

PNG-யில் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தோடு ஆல்ஃபா என்ற எண்ணையும் வைக்கலாம். வழக்கமான 8 பிட் கோப்பில் 0 என்றால் முழுக்க ஒளிபுகும், 255 என்றால் துளியும் புகாது. இடைப்பட்ட எண்கள்தான் முக்கியம். வட்டத்தின் விளிம்பில் 128 போன்ற மதிப்புகள் இருப்பதால்தான் எந்த நிறத்தின் மேல் வைத்தாலும் அது வழுவழுப்பாகத் தெரிகிறது. சரி, அந்த JPEG-ஐயே PNG-யாக மாற்றி வெள்ளையை அழித்துவிடலாமா? விளிம்புப் பிக்சல்களில் வெள்ளை ஏற்கெனவே கலந்திருக்கும். கறுப்பின் மேல் வைத்துப் பாருங்கள், வெளிறிய கோடு ஒன்று சுற்றி நிற்கும். மூலக் கோப்பிலிருந்து மறுபடி PNG எடுப்பதே நல்லது.

வெக்டராக, அதாவது பிக்சல்களாக இல்லாமல் கோடு, வளைவு வடிவங்களாக வரைந்த லோகோ என்றால் என் தேர்வு SVG. பின்னணி வரையாவிட்டால் அது தானாகவே ஒளிபுகும், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது. பிக்சல்களில் தூரிகையால் தீட்டிய ஓவியத்தை அதற்குள் திணிப்பதில் பயனில்லை, உள்ளே அதே பிக்சல் படம்தான் இருக்கும். அதற்கு PNG. பின்னணியோடு சேர்ந்த முழு ஓவியத்தைச் சின்னக் கோப்பாக அனுப்ப வேண்டும் என்றால் மட்டும் JPEG.