தைராய்டு குறையும்போது கிரியாட்டினினை நம்புவதா, சிஸ்டாட்டினை நம்புவதா?

குடியாத்தத்தில் பீடி சுற்றும் 46 வயதுப் பெண் ஒருவர், மகளோடு எங்கள் லேபுக்கு வந்தார். முகம் உப்பியிருந்தது, குரல் கனத்திருந்தது, கெண்டைக்காலில் ஓயாத பிடிப்பு. கையில் இரண்டு ரிப்போர்ட்டுகள். ஒன்றில் கிரியாட்டினின் 1.4. அதை வைத்துக் கணக்கிட்டால் சிறுநீரகம் வடிகட்டும் அளவு 47. நூற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய எண் அது. இன்னொன்றில் சிஸ்டாட்டின் சி 0.80, அதன் கணக்குப்படி வடிகட்டும் அளவு 103. இரண்டும் ஒரே நாளில் எடுத்த ரத்தம்.

“அம்மாவுக்கு உப்பு ஏறிடுச்சுன்னு ஒருத்தர் சொல்றாரு, கிட்னி ஜோரா இருக்குன்னு இன்னொருத்தர் சொல்றாரு. எதைத்தான் நம்பறது அண்ணா?” என்று மகள் கேட்டாள். கேள்விக்கான பதில் மூன்றாவது தாளில் இருந்தது. டி.எஸ்.எச். 112. தைராய்டு குறையக் குறைய ஏறும் எண் அது; நாலு, ஐந்துக்குள் இருக்க வேண்டியது.

இந்த இரண்டு பரிசோதனைகளும் சிறுநீரகத்தை நேரே அளப்பதில்லை. உடலில் உண்டாகும் ஒரு கழிவு ரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்து, வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்று ஊகிக்கின்றன. கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிறது. சிஸ்டாட்டின் உடலின் எல்லா செல்களிலிருந்தும் வருகிற ஒரு சிறு புரதம். தசை மெலிந்த முதியவர்களிடம் கிரியாட்டினின் ஏமாற்றும் என்பதால், அங்கே சிஸ்டாட்டினைத்தான் மேலானது என்பார்கள். அது சரிதான். தைராய்டு கெட்ட உடலில் அந்த மேன்மை தலைகீழாகிவிடுகிறது.

முதலில் கிரியாட்டினின் பக்கம் பார்ப்போம். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இதயம் மெதுவாக, பலம் குறைந்து அடிக்கிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகத்துக்குப் போகிறது. அந்த வரத்து குறைந்தால் வடிகட்டலும் குறைகிறது. காவேரிப்பாக்கம் ஏரியில் தண்ணீர் இறங்கிப்போனால் கால்வாய் வற்றும். அதற்காக மதகு உடைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. இங்கேயும் வடிகட்டி கெடவில்லை, அதற்கு வரும் ரத்தம்தான் குறைந்திருக்கிறது. கிரியாட்டினின் உயர்ந்தது பெரும்பாலும் இந்த உண்மையான குறைவால்தான். அதோடு, ஹார்மோன் இல்லாத தசை கொஞ்சம் சிதையும். அதுவும் எண்ணைச் சற்றுக் கூட்டிக் காட்டலாம். இந்தப் பெண்ணின் தசை நொதியான சி.பி.கே. 860 இருந்தது. கால் பிடிப்புக்கும் அதுவே காரணம்.

சிஸ்டாட்டின் கதை வேறு. செல்கள் அதை உற்பத்தி செய்யும் வேகமே தைராய்டு ஹார்மோனைப் பொறுத்தது. ஹார்மோன் குறைந்தால் உற்பத்தி குறையும். வடிகட்டல் மந்தமாகித் தேங்குவதைவிட உற்பத்திக் குறைவு பெரிதாக இருப்பதால், ரத்தத்தில் அளவு இறங்கிப்போகிறது. கணக்குப் போடும் சூத்திரத்துக்கு இது தெரியாது. சிறுநீரகம் பிரமாதம் என்று 103 காட்டிவிடுகிறது.

ஆக, கிரியாட்டினின் திசையைச் சரியாகச் சொல்லி அளவைக் கொஞ்சம் மிகைப்படுத்துகிறது; சிஸ்டாட்டின் திசையையே மாற்றிச் சொல்கிறது. தைராய்டு சரியாகும் வரை நான் கிரியாட்டினின் பக்கம்தான். கிரியாட்டினினைவிடப் பல மடங்கு விலையுள்ள சிஸ்டாட்டினை அந்த நேரத்தில் எடுப்பது காசுக்கும் கேடு, குழப்பத்துக்கும் வழி.

டாக்டர் அவருக்கு 100 மைக்ரோகிராம் தைராக்சின் எழுதினார். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, காபிக்கு முன்னால் ஒரு மணி நேர இடைவெளி. ஆறாவது வாரம் டி.எஸ்.எச். 18, கிரியாட்டினின் 1.1. மூன்று மாதத்தில் நிலைமை இப்படி:

| | சிகிச்சைக்கு முன் | 3 மாதம் கழித்து |
|---|---|---|
| டி.எஸ்.எச். | 112 | 3.1 |
| கிரியாட்டினின் | 1.4 | 0.9 |
| அதன்படி வடிகட்டும் அளவு | 47 | 80 |
| சிஸ்டாட்டின் | 0.80 | 0.95 |
| அதன்படி வடிகட்டும் அளவு | 103 | 82 |

கடைசி நிரலைப் பாருங்கள். 47-ம் 103-ம் என்று முறைத்துக்கொண்டு நின்ற இரண்டும் 80-ம் 82-ம் ஆகிப் பக்கத்தில் வந்துவிட்டன. சிஸ்டாட்டின் ஏறியதைப் பார்த்து மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிட்டது என்று மகள் பயந்தாள். கெடவில்லை. உற்பத்தி பழைய வேகத்துக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதே பயம் தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களிடம் மருந்தையே நிறுத்த வைக்கிறது. அங்கே எல்லாம் எதிர்ப்பக்கம்: ரத்த ஓட்டம் கூடி வடிகட்டல் நிஜமாகவே ஏறும், தசையும் கரையும், அதனால் கிரியாட்டினின் 0.6 என்று அழகாக இருக்கும். சிஸ்டாட்டின் மட்டும் உயர்ந்து நிற்கும். கார்பிமசோல் தொடங்கிச் சில மாதத்தில் கிரியாட்டினின் 1.0 ஆகிவிட்டால் ‘மாத்திரை சாப்பிட்டுத்தான் உப்பு ஏறியது’ என்று தோன்றும். உண்மையில் 0.6-தான் பொய் வேடம். சிலருக்கு 1.0-இல் நிற்காமல் 1.6-க்குப் போகும். அவர்களிடம் ஏற்கெனவே இருந்த சிறுநீரக நோயை அதிக ரத்த ஓட்டம் மறைத்து வைத்திருந்திருக்கலாம். அதைத் தேடிப் பார்க்க வேண்டும், தைராய்டு மருந்தை டாக்டரைக் கேட்காமல் விடக் கூடாது.

சரி, எல்லாவற்றையும் தைராய்டு மேல் போட்டுவிடலாமா? கூடாது. நான் சிஸ்டாட்டின் காசை மிச்சம் பிடிக்கச் சொல்வது சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று காட்டும் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பார்ப்பதற்காகத்தான். இந்தப் பெண்ணுக்கு அது 12; 30-க்குக் கீழ் என்பதால் நார்மல். ஸ்கேனிலும் சிறுநீரகங்கள் சுருங்கவில்லை. வலி மாத்திரையும் சாப்பிடவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டோம். அதனால்தான் காத்திருக்க முடிந்தது. சிறுநீரில் புரதம் நிறையப் போயிருந்தால் கதையே மாறியிருக்கும். புரதத்தோடு தைராய்டு ஹார்மோனும் ஒழுகி, டி.எஸ்.எச். ஏறலாம். அங்கே குற்றவாளி சிறுநீரகம், தைராய்டு அல்ல. தைராக்சின் மட்டும் கொடுத்து உட்கார்ந்திருந்தால் காலம் போய்விடும்.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் கிரியாட்டினின் ஏறினாலே தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீரைத்தான் முதலில் சொல்வார்கள். அந்தக் கவலையை நான் தள்ளிவிடுவதில்லை. ஆனால் காரணம் எதுவானாலும், நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் வைக்கக் குறைந்தது மூன்று மாதம் கோளாறு நிலைத்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதத்துக்குள் டி.எஸ்.எச். சரியாகிவிட்டால் கேள்வியே தீர்ந்துவிடலாம்.

மறுபரிசோதனையை அதே லேபில் எடுங்கள். முறை மாறினால் 1.1-ம் 1.2-ம் ஒன்றா வேறா என்று சொல்ல முடியாது. முந்தின ராத்திரி பிரியாணி வேண்டாம், சமைத்த இறைச்சி கிரியாட்டினினைச் சில மணி நேரம் ஏற்றிக் காட்டும். டி.எஸ்.எச். நார்மலுக்கு வந்து இரண்டு மாதம் ஆன பிறகும் கிரியாட்டினின் இறங்கவில்லை என்றால், சிஸ்டாட்டினை அப்போது எடுக்கலாம். அந்த நாளில் அதன் பேச்சைக் கேட்கலாம். இரண்டும் சேர்ந்து 60-க்குக் கீழே காட்டினால் நெஃப்ராலஜி ஓ.பி.க்குச் சீட்டு வாங்கிவிடுங்கள்.