நண்பரின் நோட்டில் கிடைத்த கிட்டார் டேப்: பாட்டைக் கண்டுபிடிக்க எந்த வழி?

கல்லூரி நாட்களில் நண்பர் ஒருவர் கிட்டார் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்போது அவர் எழுதி வைத்த நோட்டு சென்ற மாதம் என் கைக்கு வந்தது. அதில் தலைப்பு எதுவும் இல்லாமல் ஒரு டேப்பின், அதாவது தந்திகளைக் கோடுகளாகவும் விரல் வைக்கும் இடங்களை எண்களாகவும் காட்டும் கிட்டார் குறிப்பின், சில துண்டுகள் மட்டும் இருந்தன. முதல் இரண்டு அளவுகள், அதாவது செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாளப் பகுதிகள், முழுமையாக இப்படி எழுதப்பட்டிருந்தன:

```
e|-7-----7-----7-----|-7-----5-----3-----|
B|---0-----0-----0---|---0-----0-----0---|
G|-----0-----0-----0-|-----0-----0-----0-|
D|-------------------|-------------------|
A|-------------------|-------------------|
E|-0-----------------|-0-----------------|
```

அடுத்த நான்கு அளவுகளுக்கு மேல் தந்தியின் எண்கள் மட்டுமே இருந்தன: 3 2 0, 0 3 7, 12 12 12, 12 10 8. பிறகு கிழிந்த ஓர் இடமும், அதற்குக் கீழே 7 8 7, 11 8 7 என்ற இன்னொரு துண்டும் இருந்தன. எழுதிய நண்பருக்கே அது எந்தப் பாட்டு என்று நினைவில்லை. இதைத் தேட மூன்று வழிகளை முயன்று பார்த்தேன். ஒவ்வொன்றும் எங்கே உதவியது, எங்கே தடுக்கியது என்பதை இங்கே ஒப்பிடுகிறேன்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது எண்களை அப்படியே தேடுபொறியில் இடுவதுதான். மூன்றில் பலவீனமானதும் அதுதான். டேப் என்பது விரல் எந்த ஃப்ரெட்டில், அதாவது கிட்டார் கழுத்தின் எந்தக் கட்டத்தில், இருக்க வேண்டும் என்று சொல்லும் படமே தவிர, இசையின் பெயர் அல்ல. ஒரே மெட்டை இன்னொருவர் இரண்டாம் தந்தியில் 12-ஆம் ஃப்ரெட்டிலிருந்து தொடங்கி எழுதியிருந்தால் எண்கள் முழுதும் மாறிவிடும். அதோடு, தேடுபொறி எண்களுக்கு நடுவிலுள்ள கோடுகளைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இடைவெளி விட்டு எண்ணை ஒட்டி வரும் கோட்டை "இதை விலக்கு" என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளும். நான் தேடியபோது வந்தவை பெரும்பாலும் தொலைபேசி எண்களும் கணக்குப் பாடங்களுமே.

மற்ற இரண்டு வழிகளுக்கும் போவதற்கு முன் ஒரு வேலை உண்டு. மெட்டை அதன் துணைச் சுரங்களிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். டேப்பை இடமிருந்து வலமாக வரும் வரிசையிலேயே படித்தால் 7, 0, 0, 7, 0, 0 என்று வரும். அந்த 0-க்கள் இரண்டாம், மூன்றாம் தந்திகளைத் திறந்து மீட்டும் துணையொலிகள்; ஒவ்வொரு மூன்றின் தொடக்கத்திலும் மேல் தந்தியில் வருவது மட்டுமே மெட்டு. அதைத் தனியே எழுதினால் 7 7 7, 7 5 3, 3 2 0, 0 3 7, 12 12 12, 12 10 8 என்று நிற்கும்.

இந்தத் துண்டில் ஒரு பெரிய வசதி இருந்தது. மெட்டு முழுவதும் ஒரே தந்தியில் ஓடுவதால், ஃப்ரெட் எண்களின் வித்தியாசமே அரைச்சுரக் கணக்கில் இடைவெளியைச் சொல்லிவிடுகிறது. 7-இலிருந்து 5-க்கு இரண்டு கீழே, 3-இலிருந்து 2-க்கு ஒன்று கீழே. நண்பர் எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வியான கேப்போவைப் போட்டிருந்தாரா, தந்தியை எப்படிச் சுருதி சேர்த்திருந்தார் என்ற கேள்விகளுக்கே இங்கே இடமில்லை. மெட்டு தந்தி விட்டுத் தந்தி தாண்டினால்தான் அந்தக் கவலை வரும். புதிதாகக் கற்பவர்கள் சிலர் தடித்த தந்தியை மேலே வைத்துத் தலைகீழாக எழுதிவிடுவார்கள். அப்படி எழுதியிருந்தாலும் முதல் தந்தியும் ஆறாம் தந்தியும் இரண்டுமே E என்பதால் மெட்டின் சுரப்பெயர்கள் மாறாது. நடுவில் வரும் திறந்த தந்திகளை மீட்டிப் பார்த்தால் எது சரி என்று தெரிந்துவிடும். B-யும் G-யும் கீழே ஒலிக்கும் E-யோடு இழைந்து E மைனர் கார்டாக அமைகின்றன, A-யும் D-யும் அப்படி அமர்வதில்லை.

இரண்டாவது வழி முனகித் தேடுவது. ஓடிக்கொண்டிருக்கும் ஒலிப்பதிவை அடையாளம் காணும் செயலிகள் இதற்கு உதவா; அவை குறிப்பிட்ட ஒரு பதிவின் ஒலிச்சுவட்டைத்தான் ஒப்பிடுகின்றன, நாம் வீட்டில் மீட்டுவது அந்தப் பதிவு அல்ல. முனகலைக் கொண்டு மெட்டைத் தேடும் வசதியைக் கூகுள் 2020 அக்டோபரில் கொண்டுவந்தது. அதற்கு 10 முதல் 15 வினாடி முனக வேண்டும்; எந்தச் சுருதியில் முனகினாலும் பரவாயில்லை. இங்கே சிக்கல் தாளம். டேப் எந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்று சொல்வதில்லை. முதலில் நான் நான்கு நான்காகத் தட்டி முனகினேன்; சம்பந்தமில்லாத பாட்டுகளே வந்தன. ஒவ்வொரு அளவிலும் மெட்டுச் சுரங்கள் மூன்றுதான் என்பது டேப்பிலேயே கண்முன் இருந்தது. மூன்று மூன்றாக, முதல் சுரத்தில் சற்று அழுத்தம் கொடுத்து மறுபடி முனகியபோது விடை வந்தது.

மூன்றாவது வழி மெட்டின் ஏற்ற இறக்கத்தை மட்டும் எழுதித் தேடுவது. டெனிஸ் பார்சன்ஸ் 1975-இல் வெளியிட்ட மெட்டுத் தொகுப்பில் பயன்படுத்திய குறியீடு இது. முதல் சுரத்துக்கு நட்சத்திரம். அடுத்தடுத்த சுரம் முந்தையதைவிட மேலே போனால் U, கீழே வந்தால் D, அதே சுரம் திரும்பினால் R. நம் துண்டு இப்படி ஆகிறது:

```
*RRRDDRDDRUUURRRDD
```

மியூசிபீடியா தளத்தில் இப்படித் தேடலாம். தாளம் தெரியாதவருக்கும், குரல் கட்டுப்படாதவருக்கும் இது பெரிய துணை. ஆனால் அங்கே தொகுக்கப்பட்டிருக்கும் மெட்டுகளுக்குள்தான் தேட முடியும். பழைய, செவ்வியல் மெட்டென்றால் வாய்ப்பு அதிகம். துணையொலிகளைப் பிரிக்காமல் எழுதியிருந்தால் DDUDDU என்றே நீண்டு போயிருக்கும், அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

நம்மவர்களுக்கு இதைவிட எளிதான ஒன்றும் உண்டு. E-யைச் சட்சமாக வைத்துச் சுரப்படுத்தினால் ப ப ப, ப ம க, க ரி ச, ச க ப, ச ச ச, ச நி த என்று வருகிறது. இதில் பின்னிரண்டு அளவுகளின் சட்சம் மேல் ஸ்தாயியில் உள்ளது. இது நடபைரவியின் சுரங்கள். கிழிந்த இடத்துக்குக் கீழே உள்ள துண்டில் 11-ஆம் ஃப்ரெட் காகலி நிஷாதம், ஆகவே அங்கே கீரவாணியின் சாயல் வருகிறது. இந்தச் சுரவரிசையை எனக்குத் தெரிந்த வயலின் ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். கிட்டாரைத் தொட்டதே இல்லாத அவர் பார்த்தவுடன் பாடிக் காட்டினார். டேப்பாகக் காட்டியிருந்தால் அவருக்கு அது வெறும் எண்தான்.

முனகலும் குறியீடும் கொண்டுவந்து சேர்த்த இடம் ஒன்றே. யார் இயற்றியது என்று உறுதியாகத் தெரியாத, "ரொமான்ஸ்" என்று அழைக்கப்படும் ஸ்பானியக் கிட்டார் இசை அது. 1952-இல் வெளிவந்த பிரெஞ்சுப் படம் ஒன்றில் நார்சிஸோ யெபெஸ் வாசித்த பிறகு, அந்தப் படத்தின் பெயராலும் அது வழங்குகிறது. இதனால்தான் விடை வந்த பிறகும் ஒருவர் குழம்பக்கூடும். ஒவ்வொரு முடிவும் வேறு பெயரில் வரும், இசை ஒன்றுதான். உறுதி செய்ய நான் நம்பியது கிழிந்த இடத்துக்குக் கீழே இருந்த துண்டை. ஒரு பதிவைக் கேட்டபடி அளவுகளை எண்ணினேன். ஒன்பதாவது அளவில் 7 8 7, பத்தாவதில் அந்த 11 சரியாக வந்து அமர்ந்தது. ஆறு அளவுகள் மட்டும் பொருந்தி இது பொருந்தாமல் போயிருந்தால் ஏற்றிருக்க மாட்டேன். பெயர் தெரிந்த பிறகு, முதலில் தோற்ற எழுத்துத் தேடலே முழு டேப்பையும் கொண்டுவந்து கொடுத்தது.

ஆகவே பாடத் தெரிந்தவர் முனகலில் தொடங்கலாம்; தாளம் பிடிபடாதவருக்குக் குறியீடு நல்லது; சுரம் தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் இரண்டுக்கும் முன்னால் அவரிடம் போகலாம். அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் Am, G, F, E என்று நான்கு கார்டுகள் மட்டும் எழுதி, அடியில் விரல் வரிசை குறித்திருக்கிறது. அந்த வரிசையில் அமைந்த பாட்டுகள் ஏராளம், அதில் முனகவோ ஏற்ற இறக்கம் எழுதவோ மெட்டே இல்லை. அந்தப் பக்கத்துக்காக நண்பருக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.